கப்பல் காத்திருந்தால் காசு யார் கையிலிருந்து போகும்?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் ஏற்றுமதியில் இருப்பவர்களிடம் டெமரேஜ் என்று சொன்னாலே முகம் மாறும். துறைமுகத்தில் கண்டெய்னர் இலவச நாட்களைத் தாண்டி நின்றுவிட்டால், நாளுக்கு இவ்வளவு என்று பில் வந்துவிடும். காட்பாடிக்கு சரக்கு ரயிலில் உரம் வரும்போது இறக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் அது தெரிந்த சங்கதிதான். கொடுத்த நேரத்துக்குள் வேகனைக் காலி செய்யாவிட்டால் ரயில்வேக்குப் பணம் கட்ட வேண்டும். நான் எழுதப்போவது இந்த இரண்டையும் பற்றி அல்ல. முழுக் கப்பலையே ஒரு பயணத்துக்கென்று வாடகைக்குப் பிடித்துச் சரக்கு கொண்டுவரும்போது, அந்தக் கப்பல் துறைமுகத்தில் காத்துக் கிடந்தால் யார் கட்டுவது, எவ்வளவு, அந்தக் கணக்கு எந்த நிமிடத்தில் தொடங்குகிறது என்பதைப் பற்றி. கண்டெய்னருக்குக் கப்பல் கம்பெனி போட்ட விலைப்பட்டியல் இருக்கிறது. இங்கே பட்டியல் எதுவும் கிடையாது. இரண்டு பேர் பேரம் பேசி எழுதிக்கொண்ட ஒப்பந்தம்தான் எல்லாம்.

கடலில்லாத நம் வேலூர்ப் பக்கத்துக்கும் இது ஒட்டாத விஷயம் அல்ல. இந்தியாவின் முதல் உரத் தொழிற்சாலை 1906-ல் ராணிப்பேட்டையில்தான் தொடங்கியது. அங்கே செய்தது சூப்பர் பாஸ்பேட். அதற்கு வேண்டிய ராக் பாஸ்பேட் ஜோர்டான், எகிப்து, மொராக்கோ மாதிரி நாடுகளிலிருந்து கப்பலின் அடிவயிற்றில் மூட்டை கட்டாமல் அப்படியே கொட்டி வரும் சரக்கு. என் சித்தப்பா ராணிப்பேட்டையில் ஒரு ஆலையில் கொள்முதல் பார்க்கிறவர். நான் சென்னையில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் இந்த நேரக் கணக்கைப் போடுகிறவன். அவர் என்னிடம் கேட்ட ஒரு கேள்விதான் இந்தக் கட்டுரையின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது: "கப்பல் காத்துக் கிடந்தது துறைமுகத்துல இடம் இல்லாததாலப்பா. நாங்க ஏன் கட்டணும்?"

அதற்குப் பதில் சொல்லும் முன், பயண வாடகை என்றால் என்ன ஏற்பாடு என்று பார்த்துவிடலாம். இந்த ஒப்பந்தத்தில் கப்பல் உரிமையாளர் ஒரு துறைமுகத்தில் சரக்கை ஏற்றி இன்னொரு துறைமுகத்தில் சேர்க்க ஒப்புக்கொள்கிறார். வாடகைக்கு எடுப்பவர் டன்னுக்கு இவ்வளவு என்று கூலி தருகிறார். எரிபொருள், மாலுமிகள் சம்பளம், துறைமுகக் கட்டணம் எல்லாம் உரிமையாளர் செலவு. நாள் கணக்கில் வாடகை கொடுக்கும் டைம் சார்ட்டர் வேறு. அங்கே கப்பல் எத்தனை நாள் ஓடினாலும் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். பயண வாடகையில் கூலி ஒன்றுதான். கப்பல் புயலில் மாட்டி இரண்டு நாள் தாமதமாக வந்தால் நஷ்டம் உரிமையாளருக்கு. கடலில் ஓடும் நேரம் முழுக்க அவர் பொறுப்பு.

ஆனால் துறைமுகத்துக்குள் வந்தபிறகு நிலைமை மாறுகிறது. சரக்கை எவ்வளவு வேகத்தில் இறக்குவது, எந்தத் தொழிலாளர்களை வைத்து இறக்குவது, லாரி வருமா வராதா என்பதெல்லாம் உரிமையாளர் கையில் இல்லை. அதனால் ஒப்பந்தத்திலேயே இறக்குவதற்கு இத்தனை நாள், அல்லது ஒரு நாளைக்கு இத்தனை டன் என்று நேரம் குறித்துவிடுவார்கள். அதுதான் லேடைம். இந்த நேரத்துக்கு ஏற்கெனவே கூலியில் காசு சேர்ந்துவிட்டது. இதைத் தாண்டினால் நாளுக்கு இத்தனை டாலர் என்று முன்கூட்டியே பேசிய தொகை ஓட ஆரம்பிக்கும். அதுதான் டெமரேஜ். அரை நாள் தாண்டினால் அரை நாள் பணம். ஒரு மணி நேரம் தாண்டினால் ஒரு மணி நேரப் பணம்.

இது அபராதமல்ல. முன்பே தொகை பேசி வைத்த நஷ்ட ஈடு. அதனால் உரிமையாளர் தனக்கு உண்மையில் எவ்வளவு நஷ்டம் என்று நிரூபிக்கத் தேவையில்லை. நாளுக்கு 12,000 டாலர் என்று எழுதியிருந்தால், அந்த வாரம் சந்தையில் அந்தக் கப்பல் 20,000 சம்பாதித்திருக்கலாம், 7,000-தான் சம்பாதித்திருக்கலாம், இரண்டிலும் 12,000தான். 2021-ல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் எடர்னல் பிளிஸ் என்ற கப்பல் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. பிரேசிலிலிருந்து சீனாவுக்குச் சோயா கொண்டுபோன கப்பல் நெடுநாள் காத்திருந்ததில் சரக்கு பூஞ்சை பிடித்தது. சரக்குக்காரருக்குக் கொடுத்த நஷ்ட ஈட்டையும் டெமரேஜுக்கு மேல் தனியாகக் கேட்டார் உரிமையாளர். இறக்கத் தாமதமானது மட்டும்தான் ஒப்பந்த மீறல் என்றால், அதன் எல்லா விளைவுக்கும் டெமரேஜ் ஒன்றே ஈடு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம்மூர் ஆலைக்கு இந்தத் தீர்ப்பு நேராக எட்டாது என்று நினைக்க வேண்டாம். இந்த ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஆங்கிலச் சட்டத்தின்கீழ்தான் எழுதப்படுகின்றன.

சரி, இப்போது ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். கணக்கு எளிதாக வரட்டும் என்று முழு எண்களாக நானே வைத்துக்கொண்டது இது.

ஒரு கப்பல் 20,000 டன் ராக் பாஸ்பேட்டுடன் நவம்பர் மாதம் சென்னைக்கு வருகிறது. ஒப்பந்தப்படி நாளுக்கு 5,000 டன் இறக்க வேண்டும். ஆக லேடைம் 4 நாள், அதாவது 96 மணி நேரம். மழையால் வேலை செய்ய முடியாத நேரம் சேராது. ஞாயிறும் விடுமுறையும் சேராது, அன்று வேலை நடந்தாலும் சேராது. டெமரேஜ் நாளுக்கு 12,000 டாலர். மணிக்கு 500 என்று ஆகிறது. குறித்த நேரத்துக்கு முன்பே முடித்துவிட்டால் உரிமையாளர் திருப்பிக் கொடுக்கும் பணம் இதில் பாதி, மணிக்கு 250. இந்தத் திருப்பிக் கொடுக்கும் தொகைக்கு டிஸ்பாட்ச் என்று பெயர்.

லேடைம் கடிகாரம் தானாக ஓடாது. மூன்று விஷயங்கள் கூடிவர வேண்டும். கப்பல் வந்து சேர்ந்திருக்க வேண்டும். சரக்கைக் கையாளத் தயாராக இருக்க வேண்டும். கேப்டன், 'வந்துவிட்டேன், தயார்' என்று நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் ஆஃப் ரெடினெஸ் என்ற அந்தத் தாளை நாங்கள் என்.ஓ.ஆர். என்போம். இப்போது பெரும்பாலும் மின்னஞ்சலில் வரும் நாலைந்து வரிதான் அது. இந்தத் தொழிலில் இவ்வளவு சின்னத் தாளுக்கு இவ்வளவு கனம் வேறெதற்கும் இல்லை.

நோட்டீஸ் கொடுத்ததும் உடனே கடிகாரம் ஓடிவிடுமா என்றால், அதற்கும் ஒப்பந்தத்தில் இடைவெளி உண்டு. மொத்தச் சரக்குக்குப் பரவலாகப் பயன்படும் ஜென்கான் 1994 படிவத்தின்படி, பகல் 12 மணி வரை நோட்டீஸ் கொடுத்தால் மதியம் 1 மணிக்குத் தொடங்கும். 12 மணிக்கு மேல், அலுவலக நேரத்துக்குள் கொடுத்தால் மறு வேலை நாள் காலை 6 மணிக்குத்தான் தொடங்கும். நம் கணக்கிலும் அதே விதிதான்.

கப்பல் புதன்கிழமை காலை 10 மணிக்கு வந்து, கப்பலைக் கட்டி நிறுத்தும் இடமான பெர்த் காலி இல்லாததால் துறைமுக எல்லைக்குள் நங்கூரம் போடுகிறது. கேப்டன் அப்போதே நோட்டீஸ் கொடுக்கிறார். பெர்த்தில் கட்டும் முன்பே கொடுக்கலாமா? கொடுக்கலாம், ஒப்பந்தத்தில் விபான் என்ற சொல் இருந்தால். பெர்த்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நோட்டீஸ் செல்லும் என்பதன் சுருக்கம் அது. நம் ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆக மதியம் 1 மணிக்குக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. ஒரு கைப்பிடி சரக்குகூட இன்னும் அசையவில்லை.

புதன்கிழமைக்கு 11 மணி நேரம் போகிறது. வியாழன் விடியற்காலை 2 மணி முதல் 8 மணி வரை நல்ல மழை. கப்பல் இன்னும் வெளியே நங்கூரத்தில்தான் நிற்கிறது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அன்று அதில் வேலை நடந்திருக்காது. அப்படியிருக்க அந்த 6 மணி நேரத்தைக் கழிக்கலாமா? கழிக்கலாம். வெதர் வொர்க்கிங் டே என்று எழுதிய ஒப்பந்தத்தில், வேலை நடந்துகொண்டிருந்தால் மழை அதைத் தடுத்திருக்குமா என்பதுதான் கேள்வி. சர்வதேசக் கப்பல் தொழில் சங்கமான பிம்கோ உள்ளிட்ட அமைப்புகள் சேர்ந்து 2013-ல் வெளியிட்ட லேடைம் வரையறைகளும் இதையே சொல்கின்றன. அதனால் வியாழனுக்கு 18 மணி நேரம். வெள்ளி 24, சனி 24. மொத்தம் 77 மணி நேரம் தீர்ந்துவிட்டது.

ஞாயிறு கணக்கில் இல்லை. அன்று மாலை 4 மணிக்குக் கப்பல் பெர்த்துக்கு வருகிறது, இரவு 8 மணிக்கு இறக்க ஆரம்பிக்கிறார்கள். நள்ளிரவு வரை நடந்த அந்த 4 மணி நேர வேலை வாடகைக்கு எடுத்தவருக்கு இலவசம். திங்கள் காலை 5 மணி முதல் 10 மணி வரை மறுபடி மழை. சரக்கு அறைகளின் மேல் இருக்கும் ஹேட்ச் மூடிகளை மூடிவிடுகிறார்கள். திங்களுக்கு 24-ல் 5 போக 19 மணி நேரம். 77-ஓடு 19 சேர்த்தால் 96. திங்கள் நள்ளிரவோடு லேடைம் முடிந்தது. இறக்க ஆரம்பித்து ஒரு நாளும் சொச்சமும்தான் ஆகிறது; கப்பலில் கிட்டத்தட்ட முக்கால்வாசி சரக்கு அப்படியே இருக்கிறது.

செவ்வாய் நள்ளிரவு 12 மணியிலிருந்து டெமரேஜ். இங்கேதான் பலரும் அதிர்ந்துபோகும் விதி வருகிறது. செவ்வாய் விடியற்காலை 2 மணி முதல் பகல் 12 மணி வரை மழை, 10 மணி நேரம். புதன்கிழமையும் 8 மணி நேரம் மழை. இந்த 18 மணி நேரத்தைக் கழிக்க முடியாது. மழை, ஞாயிறு, விடுமுறை என்ற விலக்கெல்லாம் லேடைமுக்கு எழுதியவை. டெமரேஜில் விழுந்தபிறகு அவை செல்லாது, செல்லும் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தால் ஒழிய. ஒருமுறை டெமரேஜில் விழுந்தால் எப்போதும் டெமரேஜ்தான் என்று இதைச் சொல்வது வழக்கம். காரணமும் நியாயமாகத்தான் இருக்கிறது. குறித்த நேரத்தில் கப்பலை விட்டிருந்தால் செவ்வாய் மழை பெய்யும்போது அது வேறு கடலில் போய்க்கொண்டிருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்கு இறக்கி முடிக்கிறார்கள். செவ்வாய் நள்ளிரவு முதல் அதுவரை 78 மணி நேரம். 500-ஆல் பெருக்கினால் 39,000 டாலர்.

இப்போது இறக்கிய வேகத்தைப் பாருங்கள். ஞாயிறு இரவு 8 மணி முதல் வெள்ளி காலை 6 மணி வரை 106 மணி நேரம். அதில் மழை நேரம் 5-ம் 18-ம் சேர்த்து 23 போனால், உண்மையில் வேலை நடந்தது 83 மணி நேரம். 96 மணி நேரத்தில் முடிக்க வேண்டிய வேலையை 83 மணி நேரத்தில் முடித்திருக்கிறார்கள். கிரேன்காரர், தொழிலாளி, லாரிக்காரர் யாரிடமும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் 39,000 டாலர். இதைக் காட்டியபோதுதான் சித்தப்பா அந்தக் கேள்வியைக் கேட்டார். பெர்த் கொடுக்காதது துறைமுகம், நாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்று.

பதில், அந்த விபான் என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. நெரிசல் என்பது யாருடைய தவறும் அல்ல. யாராவது ஒருவர் அதன் சுமையைத் தாங்கியாக வேண்டும். யார் என்பதை ஒப்பந்தம் முன்கூட்டியே முடிவு செய்கிறது. எந்தத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவது என்று தேர்ந்தெடுத்தது சரக்குத் தரப்பு, அதனால் அந்தத் துறைமுகத்தின் நெரிசலும் அவர்களைச் சேரட்டும் என்பதுதான் விபான் எழுதுபவர்களின் வாதம்.

அந்தச் சொல் இல்லாமல், ஒப்பந்தம் துறைமுகத்துக்கு என்றில்லாமல் குறிப்பிட்ட ஒரு பெர்த்துக்கு என்று எழுதப்பட்டிருந்தால், அதே கப்பலின் கதை தலைகீழாகிவிடும். பெர்த்தில் கட்டிய பிறகுதான் நோட்டீஸ் கொடுக்க முடியும். ஞாயிறு மாலை கட்டியது. அலுவலக நேரத்தில் கொடுப்பது திங்கள் காலை. மதியம் 1 மணிக்குக் கடிகாரம் தொடங்கும். திங்களுக்கு 11 மணி நேரம், செவ்வாய்க்கு மழை போக 14, புதனுக்கு 16, வியாழனுக்கு 24, வெள்ளிக்கு 6. மொத்தம் 71. 96-ல் 25 மணி நேரம் மிச்சம். உரிமையாளர்தான் 6,250 டாலர் டிஸ்பாட்ச் தர வேண்டும். அதே கப்பல், அதே மழை, அதே வேகம். ஒரு பக்கம் 39,000 கொடுக்க வேண்டும். மறுபக்கம் 6,250 வாங்கிக்கொள்ளலாம். கூலியில் டன்னுக்கு அரை டாலர் குறைக்க மணிக்கணக்கில் பேசுகிறவர்கள், 20,000 டன்னுக்கு அது 10,000 டாலர்தான் என்பதையும், இந்த ஒரு சொல்லின் வித்தியாசம் 45,000-க்கு மேல் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

விபான் இல்லாவிட்டாலும், ஒப்பந்தம் துறைமுகத்துக்கு என்று இருந்தால் நங்கூரத்தில் நிற்கும் கப்பல் வந்துசேர்ந்த கப்பல்தான். இதை நிலைநிறுத்தியது 1973-ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்த்த ஜோஹன்னா ஓல்டன்டார்ஃப் வழக்கு. அந்தக் கப்பல் நின்ற இடம் பெர்த்திலிருந்து சுமார் 17 மைல் தள்ளி. ஆனால் துறைமுகத்தின் எல்லைக்குள், வழக்கமாகக் கப்பல்கள் காத்திருக்கும் இடம். அது போதும் என்றார்கள். ஆனால் விபானுக்கும் எல்லை உண்டு. பெர்த்தில் வேறு கப்பல் நிற்பதால் காத்திருப்பதற்குத்தான் அது பொருந்தும். கைசிகோஸ் வழக்கில் ஹூஸ்டனில் பெர்த் காலியாகவே இருந்தது. மூடுபனியால் கப்பல் உள்ளே போக முடியவில்லை. அங்கே விபான் உரிமையாளருக்குக் கைகொடுக்காது என்று தீர்ப்பாயிற்று. ஆகவே காத்திருந்தது உண்மைதான் என்றாலும், எதனால் என்று கேட்காமல் கணக்கை ஒப்புக்கொள்ளக் கூடாது.

நோட்டீஸின் கனம் பற்றிச் சொன்னேனே, அதையும் எண்ணில் பார்த்துவிடலாம். நம் முதல் கணக்கில் கேப்டன் காலை 10-க்கு நோட்டீஸ் கொடுத்தார். அவர் பகல் 12:20-க்குக் கொடுத்திருந்தால்? கடிகாரம் வியாழன் காலை 6 மணிக்குத்தான் தொடங்கும். வியாழனில் 8 மணி வரை மழை போக 16 மணி நேரம், வெள்ளி 24, சனி 24, திங்கள் 19; இதுவரை 83. செவ்வாய் நள்ளிரவு முதல் 2 மணி வரை 2 மணி நேரம். பிறகு மழை வருகிறது. இந்த முறை லேடைம் இன்னும் முடியவில்லை, அதனால் அந்த 10 மணி நேர மழையும் கழிந்துவிடும். பகல் 12 முதல் 11 மணி நேரம் ஓடி, செவ்வாய் இரவு 11 மணிக்குத்தான் லேடைம் முடிகிறது. முன்பு திங்கள் நள்ளிரவு, இப்போது 23 மணி நேரம் தள்ளி. 11,500 டாலர் குறைகிறது. பகல் 12 மணிக் கோட்டைத் தாண்டிய இருபது நிமிடத்தின் விலை அது.

நோட்டீஸ் கொடுத்த நேரத்தில் மற்ற இரண்டு நிபந்தனைகளும் நிறைவேறியிருந்தனவா என்பதையும் பார்க்க வேண்டும். துறைமுக எல்லைக்கு வெளியே இருக்கும்போதே கொடுத்த நோட்டீஸ் செல்லாது. கப்பல் பின்னால் உள்ளே வந்துவிட்டது என்பதற்காக அது தானாக உயிர்பெறாது. புதிதாகக் கொடுக்க வேண்டும். அதனால்தான் விவரம் தெரிந்த கேப்டன்கள் வந்தவுடன் ஒன்று, நங்கூரம் போட்டதும் ஒன்று, பெர்த்தில் கட்டியதும் ஒன்று என்று, முந்தையது செல்லாவிட்டால் இதை எடுத்துக்கொள்ளுங்கள் என எழுதி மறுபடி மறுபடி கொடுப்பார்கள். கோப்பில் ஒரே ஒரு நோட்டீஸ்தான் இருந்தால், அதை நான் இரண்டு முறை படிப்பேன்.

இந்த நேரமெல்லாம் எங்கே பதிவாகிறது? ஸ்டேட்மென்ட் ஆஃப் ஃபாக்ட்ஸ் என்ற தாளில். ஏஜென்ட் தயாரிப்பார்; கேப்டன், ஏஜென்ட், சரக்கு வாங்குபவரின் ஆள் மூவரும் கையெழுத்துப் போடுவார்கள். கப்பல் வந்தது, நோட்டீஸ் கொடுத்தது, பைலட் ஏறியது, முதல் கயிறு கட்டியது, வேலை தொடங்கியது, ஒவ்வொரு நிறுத்தமும், அதன் காரணமும், எல்லாம் நிமிடத்தோடு இருக்கும். டெமரேஜ் பில் இந்தத் தாளிலிருந்துதான் பிறக்கிறது. அதனால் பில் வந்தபிறகு சண்டை போடுவதைவிட, கையெழுத்துப் போடும் முன் இதைப் படிப்பது நூறு மடங்கு பயன் தரும்.

அதில் நான் முதலில் பார்ப்பது மழை வரிகளை. '05:00 முதல் 10:00 வரை மழை, ஹேட்ச் மூடியது' என்று இருக்கும். மழை 9:20-க்கே நின்று, மூடியில் தேங்கிய தண்ணீரை வடித்துத் திறக்க 10 மணி ஆகியிருக்கலாம். இந்த 40 நிமிடம் யார் கணக்கு என்று ஒப்பந்தத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இன்னொரு தொல்லை, கப்பல் நங்கூரத்தில் நின்றபோது பெய்த மழையைப் பலரும் பதிவு செய்வதே இல்லை. வேலைதான் நடக்கவில்லையே, மழையை எதற்கு எழுதுவது என்று விட்டுவிடுவார்கள். நம் கணக்கில் வியாழன் காலை 6 மணி நேரம் அப்படி விடுபட்டிருந்தால், திங்கள் மாலை 6 மணிக்கே லேடைம் முடிந்து இன்னும் 3,000 டாலர் ஏறியிருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சரக்கு வாங்குபவர், கப்பல் வந்த நாளிலிருந்தே துறைமுகத்தின் மழைப் பதிவைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து நிறுத்தத்தின் காரணங்கள். லாரி இல்லாததால் வேலை நின்றது என்றால் கடிகாரம் நிற்காது. வாலாஜா சுங்கச்சாவடியில் நெரிசல், காஞ்சிபுரம் பக்கம் சாலை வேலை, ஆலையில் இறக்க ஆள் இல்லை, எதுவானாலும் சரக்குத் தரப்பின் பாடு. ஆனால் கப்பலின் சொந்தக் கிரேன் பழுதானால் அந்த நேரம் உரிமையாளர் தலையில். டெமரேஜ் ஓடிக்கொண்டிருக்கும்போதும் இது செல்லும். கப்பல் தரப்பின் குறையால் போன நேரத்துக்கு உரிமையாளர் காசு கேட்க முடியாது. நாலு கிரேனில் ஒன்று பழுது என்றால் கால் பங்கு நேரத்தைக் கழிப்பது பல ஒப்பந்தங்களில் உள்ள ஏற்பாடு. 'கிரேன் 2 பழுது, 14:00 முதல் 22:00 வரை' என்று தாளில் ஒரு வரி இருந்தால் 8 மணி நேரத்தில் 2 மணி நேரம் குறையும். நம் கணக்கில் 1,000 டாலர். அந்த வரி இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து யாரும் நம்பமாட்டார்கள்.

இவ்வளவு கேட்டபிறகு சித்தப்பா இன்னொன்று சொன்னார். "கப்பலை நாங்க எடுக்கலையேப்பா. விக்கிறவன்தானே எடுத்தான்? டெலிவரியோட விலை பேசித்தான் வாங்கினோம்." அவர் சொன்னது முக்கியமான விஷயம். கப்பல் உரிமையாளர் டெமரேஜைக் கேட்பது தன்னோடு ஒப்பந்தம் போட்டவரிடம். கப்பல் கூலியையும் சேர்த்து விலை பேசி விற்கும் வியாபாரத்தில் அது விற்பவர். எகிப்திலோ ஜோர்டானிலோ இருக்கும் அவர் 39,000-ஐக் கட்டிவிட்டு, அதை ராணிப்பேட்டைக்கு அனுப்புவார். அனுப்ப முடியுமா என்பதை முடிவு செய்வது கப்பல் ஒப்பந்தம் அல்ல, விற்பனை ஒப்பந்தம். அதில், இறக்கும் துறைமுகத்தின் டெமரேஜ் வாங்குபவர் கணக்கு என்று எழுதியிருக்கிறதா, நாளுக்கு எத்தனை டன், எப்போது கடிகாரம் தொடங்கும், தொகை எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

இந்த இரண்டு ஒப்பந்தங்களும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. விற்பனை ஒப்பந்தத்தில் நாளுக்கு 15,000 டாலர் என்று எழுதியிருந்தால், அதே 78 மணி நேரத்துக்கு வாங்குபவர் 48,750 கட்டுவார். விற்பவர் கப்பலுக்கு 39,000 கொடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்வார். எதிர்ப்பக்கமும் நடக்கும். வாங்குபவருக்கு நாளுக்கு 4,000 டன் என்று தளர்வாகக் கொடுத்து, கப்பலிடம் 5,000 என்று ஒப்புக்கொண்டிருந்தால், வித்தியாசம் விற்பவர் கையைக் கடிக்கும். 'கப்பல் ஒப்பந்தத்தில் உள்ளபடி' என்று ஒரு வரியில் முடித்துவிடுவதும் உண்டு. அப்படியென்றால் அந்தக் கப்பல் ஒப்பந்தத்தின் நகலைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டு வாங்க வேண்டும். வாங்கிப் பார்ப்பவர்கள் குறைவு.

விற்பனை ஒப்பந்தத்தில் எதுவுமே இல்லாவிட்டாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஜென்கான் படிவத்தின் 8-வது பிரிவு, கூலிக்கும் டெமரேஜுக்கும் சரக்கைப் பிடித்து வைக்கும் உரிமையை உரிமையாளருக்குத் தருகிறது. சரக்குக்குக் கப்பல் தரப்பு கொடுக்கும் ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் கப்பல் ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் சேர்க்கப்பட்டிருந்தால், அந்த உரிமை சரக்கை வாங்கியவரையும் தொடும். விற்பவர் கட்டாமல் இழுத்தடித்தால், இறக்குவது பாதியில் நிற்கும் அபாயம் இருக்கிறது. அந்த நேரத்தில் வங்கி உத்தரவாதமோ எழுத்து உறுதிமொழியோ கொடுத்துத்தான் சரக்கை விடுவிக்க வேண்டிவரும்.

சித்தப்பாவின் கோப்பில் விற்பனை ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தோம். இறக்கும் துறைமுக டெமரேஜ் வாங்குபவர் கணக்கு என்று இருந்தது. தொகையும் வேகமும் கப்பல் ஒப்பந்தத்தில் உள்ளபடி. ஆக ஆலைதான் கட்ட வேண்டும், அதில் சந்தேகமில்லை. மிச்சம் இருந்தது, கேட்ட தொகை சரிதானா என்பது. கப்பல் ஒப்பந்த நகல், எல்லா நோட்டீஸ்களும், மூவர் கையெழுத்திட்ட ஸ்டேட்மென்ட் ஆஃப் ஃபாக்ட்ஸ், விற்பவர் போட்ட நேரக் கணக்கு ஆகிய நான்கையும் அனுப்பச் சொல்லி, அவை வரும்வரை தொகையை ஒப்புக்கொள்ளவில்லை என்று எழுதச் சொன்னேன். கூடவே, இந்தக் கோரிக்கையை எத்தனை நாளுக்குள் ஆவணங்களோடு அனுப்பியிருக்க வேண்டும் என்று ஏதாவது கெடு ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னேன். டேங்கர் ஒப்பந்தங்களில் இறக்கி முடித்த 90 நாளுக்குள் என்ற கெடு சகஜம். ஒரு தாள் குறைந்தாலும் கோரிக்கை விழுந்துவிடக்கூடும். உலர் சரக்கில் இந்தக் கெடு எழுதாமல் விடுவதும் நிறைய நடக்கிறது. எழுதவில்லை என்றால் ஆங்கிலச் சட்டப்படி ஆறு வருடம் வரை அந்த பில் கதவைத் தட்டலாம். அதனால் அடுத்த கப்பலுக்கு விலை பேசும்போது 90 நாள் கெடுவையும், பெர்த் கிடைக்காமல் நங்கூரத்தில் நிற்கும் நேரத்தைப் பாதியாகக் கணக்கிடும் வரியையும் கேட்டுப் பார்க்கும்படி சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டாவதை விற்பவர் சுலபத்தில் ஒத்துக்கொள்ளமாட்டார். நவம்பரில் வரும் கப்பலுக்காவது கேட்டே ஆக வேண்டும்.